பேப்பர், சேனல், படக் கம்பெனி: முதலாளி யார் என்று தேடும் வழி

‘எந்திரன்’, ‘ஜெயிலர்’ படங்களைத் தயாரித்தது சன் பிக்சர்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சன் பிக்சர்ஸ் தனிக் கம்பெனி அல்ல. சன் டிவி நெட்வொர்க் லிமிடெட் என்ற கம்பெனியின் படத் தயாரிப்புப் பிரிவுக்கு அப்படிப் பெயர். சரி, அதே குழுமத்தின் ‘தினகரன்’ நாளிதழும் சன் டிவி நெட்வொர்க்கின் சொத்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தால், அதுவும் இல்லை. அதை நடத்துவது கால் பப்ளிகேஷன்ஸ் என்ற வேறொரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. தந்தி குழுமத்துக்கு வாருங்கள். ‘தினத்தந்தி’ நாளிதழ் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். தந்தி டிவியை நடத்தும் கம்பெனியின் பெயரிலோ ‘தந்தி’ என்ற சொல்லே கிடையாது. அது மெட்ரோநேஷன் சென்னை டெலிவிஷன்.

ஆக, வாசகருக்கும் ரசிகருக்கும் தெரிந்த பெயர் ஒன்று, சட்டத்துக்குத் தெரிந்த பெயர் இன்னொன்று. தேடலின் முதல் பாதி, தெரிந்த பெயரிலிருந்து சட்டப் பெயருக்குப் போவது. இரண்டாம் பாதி, அந்தச் சட்டப் பெயருக்குப் பின்னால் யார் கையில் பிடி இருக்கிறது என்று பார்ப்பது. முதல் பாதிக்கு வேண்டிய காகிதங்கள் பேப்பருக்கு ஒரு இடத்திலும், சேனலுக்கு ஓரிடத்திலும், படத்துக்கு மற்றோரிடத்திலும் இருக்கின்றன. இரண்டாம் பாதிக்குப் பெரும்பாலும் ஒரே அலுவலகம்தான்: கம்பெனிப் பதிவாளர்.

பேப்பர்: கடைசிப் பக்கத்தின் அடிவரி

நாளிதழ்களில் பொதுவாகக் கடைசிப் பக்கத்தின் அடியிலும், வார மாத இதழ்களில் உள்பக்கம் ஒன்றிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பத்திரிகைக்காரர்கள் இதை இம்ப்ரின்ட் என்பார்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், அச்சான இடம், வெளியான இடம் ஆகியவை இதில் இருந்தாக வேண்டும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் கட்டாயம் இது.

இதைப் படிக்கும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். வெளியிடுபவர் என்று ஓர் ஆளின் பெயரைப் பார்த்ததும் அவரை முதலாளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். வழக்கு வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர். உரிமையாளர் பெயர் அதை அடுத்து, ‘சார்பாக’ அல்லது ‘நிறுவனத்துக்காக’ என்ற சொல்லோடு ஒட்டி வரும். அந்தச் சொல்லைத் தேடிப் பிடியுங்கள். அச்சகத்தின் பெயரும் அதே வரியில் இருப்பதால் அதையும் உரிமையாளராக நினைத்துவிடக் கூடாது. ஓர் ஊர்ப் பதிப்பை வேறொருவர் அச்சகத்தில் கூலிக்கு அடிப்பது சாதாரணம்.

இம்ப்ரின்டில் உரிமையாளர் பெயர் தெளிவாக இல்லையென்றால் நூலகத்துக்குப் போய் மார்ச் மாத இதழ்களை எடுங்கள். 1956ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பத்திரிகையும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் ‘நான்காம் படிவம்’ என்ற அறிக்கையை வெளியிட்டாக வேண்டும் என்றிருந்தது. இதழின் உரிமையாளர்கள், கூட்டாளிகள், மொத்த மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதில் வரும். பொது ஏல அறிவிப்புக்கும் வரிவிளம்பரத்துக்கும் நடுவே ஒரு மூலையில் போட்டிருப்பார்கள் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். மாவட்ட மைய நூலகங்களில் பழைய தொகுப்புகள் இருந்தால் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு படிவங்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரிகை எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்.என்.ஐ. என்று நாம் அறிந்த அலுவலகம் இப்போது இந்தியப் பத்திரிகைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம். அதன் தளம் prgi.gov.in. பதிவான தலைப்புகளை அங்கே தேடலாம். தலைப்பு, பதிவு எண், மொழி, வெளியாகும் ஊர், வெளியீட்டாளர், உரிமையாளர் ஆகிய விவரங்களுக்கு இதுவே அதிகாரபூர்வ இடம். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பதுதான் இங்கே தொல்லை. ‘தின’ என்பதை DINA என்றும் DHINA என்றும் எழுதுவார்கள். நடுவில் இடம் விட்டும் விடாமலும் எழுதுவார்கள். ஒரு முறை தேடி வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இம்ப்ரின்டில் பதிவு எண் இருந்தால் அதைப் பாருங்கள். TNTAM என்று தொடங்கினால் தமிழ்நாடு, தமிழ் மொழி. அடுத்து வருவது ஆண்டு. ஒவ்வொரு ஊர்ப் பதிப்புக்கும் தனி எண் உண்டு என்பதால் எந்தப் பதிப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதிப்புக்குப் பதிப்பு முதலாளி வேறாக இருப்பதும் உண்டு. ராம்நாத் கோயங்கா 1991இல் மறைந்த பிறகு எக்ஸ்பிரஸ் குழுமம் குடும்பத்துக்குள் பிரிந்தது. வடக்கே ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஒரு கிளைக்கும், தெற்கே ‘தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இன்னொரு கிளைக்கும் போயின. ‘தினமணி’ தெற்குக் கிளையோடு சேர்ந்தது. தினமணியின் கம்பெனிப் பெயரில் அடைப்புக்குறிக்குள் ‘மதுரை’ என்று இருக்கும்: எக்ஸ்பிரஸ் பப்ளிகேஷன்ஸ் (மதுரை). அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டு வடக்குக் கம்பெனியின் கணக்கைத் திறந்தால் முழுத் தேடலும் வேறு குடும்பத்தின் வாசலில் போய் நிற்கும்.

உரிமையாளர் என்ற இடத்தில் டிரஸ்ட் என்று வந்தால் கம்பெனிப் பதிவேட்டுக்குப் போய்ப் பயனில்லை. டிரஸ்டுக்குப் பங்கும் இல்லை, பங்குதாரரும் இல்லை, டிரஸ்டிகள்தான் நிர்வகிப்பார்கள். டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த நல்ல குறுக்குவழி, வருமான வரி வழக்குகளின் தீர்ப்புகள். சி.பா. ஆதித்தனார் 1954இல் தந்தி டிரஸ்டை உருவாக்கியது, பத்திரிகைத் தொழிலையே அதன் சொத்தாக எழுதிவைத்தது, வரிவிலக்கு கேட்டு நடந்த நீண்ட வழக்கு ஆகியவற்றை 2001இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் படிக்கலாம். indiankanoon.org தளத்தில் Thanthi Trust என்று தேடினால் கிடைக்கும். பத்திரிகையின் வரலாறு எழுதுபவர்கள் விட்டுவிடும் விவரங்களை வரி அதிகாரிகள் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

சேனல்: அனுமதி யார் பெயரில்

சாட்டிலைட் சேனல் நடத்த மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தனி ஆளுக்குக் கிடைக்காது, கம்பெனிக்கோ எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மைக்கோதான் தருவார்கள். அதனால் ஒவ்வொரு சேனலுக்குப் பின்னாலும் ஒரு சட்டப் பெயர் உறுதியாக உண்டு. அனுமதி பெற்ற தனியார் சேனல்களின் பட்டியலை அமைச்சகம் mib.gov.in தளத்தில் அவ்வப்போது வெளியிடுகிறது. சேனல் பெயர், கம்பெனிப் பெயர், செய்திச் சேனலா மற்றதா, மொழி, அனுமதி தேதி என்று வரிசையாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் ஜெயா டிவியைத் தேடினால் எதிரே மேவிஸ் சாட்காம் என்று வரும். தந்தி டிவியின் கதை இன்னும் சுவையானது. என்.டி.டி.வி.யும் ‘தி இந்து’வும் கூட்டாகச் சேர்ந்து 2009இல் ‘என்.டி.டி.வி. இந்து’ என்ற ஆங்கிலச் சேனலைச் சென்னையில் தொடங்கின. அதை நடத்திய கம்பெனிதான் மெட்ரோநேஷன். 2012இல் தந்தி குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கியது. ஆங்கிலச் சேனல் தமிழ்ச் செய்திச் சேனலானது. அனுமதி கம்பெனியோடு ஒட்டியிருப்பது. அதனால் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருப்பதைவிட அனுமதி வைத்திருக்கும் கம்பெனியையே வாங்கிவிடுவது எளிது. இந்தத் தொழிலில் சம்பந்தமில்லாத பெயர்கள் நிறைய இருப்பதற்கு இதுவே காரணம். பெயர் பொருந்தவில்லை என்றால் உங்கள் தேடலில் பிழை என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பெனி முன்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

பட்டியலில் கவனிக்க வேண்டியது அப்லிங்க், டவுன்லிங்க் என்ற பிரிவு. வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட்டுக்கு ஏற்றி இங்கே இறக்குவதற்கு மட்டும் அனுமதி பெற்ற சேனலுக்கு எதிரே உள்ள இந்தியக் கம்பெனி, உரிமையாளராக இல்லாமல் வெறும் விநியோக உரிமை பெற்றதாக இருக்கலாம். விதியே அதற்கு இடம் தருகிறது. அதேபோல் உங்கள் ஊர் கேபிளில் மட்டும் வரும் லோக்கல் சேனல் இந்தப் பட்டியலில் இருக்காது. அதற்கு சாட்டிலைட் அனுமதியே தேவையில்லை. கேபிள் ஆபரேட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பட்டியல் எந்தத் தேதிக்கு உரியது என்பதும் முக்கியம். 2024 நவம்பர் 14 அன்று ஸ்டார் இந்தியாவும் வயாகாம்18-இன் ஊடகத் தொழிலும் இணைந்தன. அதுவரை போட்டியாளர்களாக இருந்த விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரைக்குள் வந்தன. அதற்கு முந்தைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால் இரண்டு முதலாளிகள் என்று எழுதிவிடுவீர்கள்.

கம்பெனிப் பதிவேட்டைப் படிப்பது

சட்டப் பெயர் கிடைத்ததும் mca.gov.in தளத்துக்குப் போங்கள். அடிப்படை விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனியின் 21 இலக்க அடையாள எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சன் டிவி நெட்வொர்க்கின் எண்ணைப் பாருங்கள்:

```
L22110TN1985PLC012491
```

முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி. U என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில். பிறகு மாநிலம், தொடங்கிய ஆண்டு, வகை, பதிவு எண். PLC என்றால் பப்ளிக் லிமிடெட், PTC என்றால் பிரைவேட் லிமிடெட். ஒரு டிவி கம்பெனி 1985இல் எப்படிப் பிறந்தது? சன் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1993இல்தானே? விடை தொழில் குறியீட்டில் இருக்கிறது. 22 என்று தொடங்குவது பழைய வகைப்பாட்டில் அச்சு, வெளியீட்டுத் தொழில். இந்தக் கம்பெனி 1985 டிசம்பரில் சுமங்கலி பப்ளிகேஷன்ஸ் என்ற பெயரில் பத்திரிகைத் தொழிலுக்காகப் பதிவானது. பெயர் மாறியது, தொழில் மாறியது, எண் மாறவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் பெயரை நம்பாமல் எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சந்தையில் உள்ள கம்பெனி என்றால் உங்கள் வேலை சுலபம். பி.எஸ்.இ., என்.எஸ்.இ. தளங்களில் கம்பெனிப் பெயரைத் தேடி Shareholding Pattern என்ற பகுதியைத் திறங்கள். காலாண்டு முடிந்த 21 நாளுக்குள் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். பார்க்கக் கட்டணம் கிடையாது. சன் டிவி நெட்வொர்க்கில் கலாநிதி மாறன் வைத்திருப்பது 75 சதவீதம். அது ஏன் அச்சாக 75 என்று நிற்கிறது? சந்தையில் உள்ள கம்பெனியில் குறைந்தது 25 சதவீதம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. சட்டம் விடும் உச்ச அளவை வைத்திருக்கிறார் என்று பொருள்.

இதே கம்பெனியின் ஆண்டறிக்கையில் பின்பக்கக் குறிப்புகளில் ‘தொடர்புடைய தரப்பினர்’ என்றொரு பட்டியல் வரும். முதலாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ செல்வாக்கு உள்ள மற்ற கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கலை அதில் சொல்லியாக வேண்டும். கால் பப்ளிகேஷன்ஸ், சன் டைரக்ட் போன்ற பெயர்கள் அங்கே இருக்கின்றன. சந்தையில் இல்லாத ஒரு பத்திரிகைக் கம்பெனிக்கான துப்பு, சந்தையில் உள்ள சேனல் கம்பெனியின் அறிக்கையில் கிடைக்கிறது. குழுமத்தில் ஒரு கம்பெனியாவது சந்தையில் இருந்தால் எப்போதும் அங்கிருந்து தொடங்குங்கள்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கொஞ்சம் செலவு. ஒரு கம்பெனிக்கு ரூ.100 கட்டி அதன் பொது ஆவணங்களைத் திறக்கலாம். திறந்து வைத்துப் பார்க்கக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், என்ன வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டு உட்காருங்கள். வேண்டியவை இரண்டு. ஒன்று MGT-7 என்ற ஆண்டு விவர அறிக்கையும் அதோடு இணைக்கும் பங்குதாரர் பட்டியலும். மற்றது AOC-4 என்ற கணக்கு அறிக்கை. ஏதாவது ஓர் ஆண்டில் பங்குதாரர் பட்டியல் விடுபட்டிருந்தால் AOC-4இல் பங்கு மூலதனம் பற்றிய குறிப்புக்குப் போங்கள். ஐந்து சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயர் அங்கே இருந்தாக வேண்டும். பங்குதாரர் பட்டியலில் வீட்டு முகவரிகளும் இருக்கும். அவை உங்கள் குறிப்பேட்டோடு நிற்கட்டும். எழுதுவதில் வர வேண்டாம்.

இலவசப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது இயக்குநர்கள் பட்டியல். இதை எடுத்துப்போட்டு ‘இவர்கள்தான் ஓனர்கள்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். இயக்குநர் என்பவர் நிர்வாகி. ஒரு பங்குகூட இல்லாமல் இயக்குநராக இருக்கலாம். முழுப் பங்கும் வைத்துக்கொண்டு இயக்குநராக இல்லாமலும் இருக்கலாம். இயக்குநர் பட்டியலுக்குப் பயன் வேறு: ஒவ்வொருவருக்கும் DIN என்ற எட்டு இலக்க எண் உண்டு. பெயர் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பேரைப் பிரித்தறியவும், அதே ஆள் வேறெந்தக் கம்பெனிகளில் இருக்கிறார் என்று பார்க்கவும் அது உதவும்.

என்.டி.டி.வி.: பட்டியல் சரி, முடிவு தவறு

பங்குதாரர் பட்டியலைப் படித்து முடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்கும் வாசகருக்காக ஒரு வழக்கை முழுதாகப் பார்ப்போம். 2022 ஜூன் காலாண்டில் என்.டி.டி.வி. தாக்கல் செய்த பட்டியலில் முதலாளித் தரப்புக்கு மூன்று வரிகள். ராதிகா ராய் 16.32 சதவீதம், பிரணாய் ராய் 15.94, ஆர்.ஆர்.பி.ஆர். ஹோல்டிங் 29.18. மூன்றையும் கூட்டினால் 61 சதவீதத்துக்கு மேல். ஆர்.ஆர்.பி.ஆர். என்பதே அந்தத் தம்பதியின் பெயர்களின் முதலெழுத்து. யார் பார்த்தாலும் சேனல் அவர்கள் கையில் பத்திரமாக இருக்கிறது என்றே சொல்வார்கள். பட்டியலில் பொய் ஏதும் இல்லை.

ஆனால் மூன்றாவது வரி ஓர் ஆள் அல்ல, ஒரு கம்பெனி. பட்டியலில் கம்பெனிப் பெயர் வந்தால் அதையும் திறந்தே ஆக வேண்டும். ஆர்.ஆர்.பி.ஆர். சந்தையில் இல்லாத பிரைவேட் லிமிடெட். 2009-10இல் அது விஸ்வபிரதான் கமர்ஷியல் என்ற கம்பெனியிடம் ரூ.403.85 கோடி கடன் வாங்கியிருந்தது. கடனுக்கு வட்டி இல்லை. பதிலுக்கு வாரன்ட் கொடுத்திருந்தது. வாரன்ட் என்பது, பின்னாளில் வேண்டும்போது பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை. பெரிய வியாபாரம் எதுவும் இல்லாத ஒரு கம்பெனி 400 கோடியை வட்டியில்லாமல் கொடுக்கிறது என்றால், கொடுத்தவருக்கு வட்டியைவிட மதிப்புள்ள ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. தேடுபவர் பேனாவைக் கீழே வைக்கக் கூடாத இடம் இது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும். வாரன்ட்களின் எண்ணிக்கை 19,90,000. அவை பங்காக மாறினால் ஆர்.ஆர்.பி.ஆரின் 99.5 சதவீதம் வாரன்ட் வைத்திருப்பவருக்குப் போய்விடும். அதாவது அதுவரை முழுக் கம்பெனியாக இருந்த பழைய பங்குகள் எல்லாம் சேர்ந்து வெறும் அரை சதவீதமாகிவிடும். ஆனால் இந்த ஏற்பாடு என்.டி.டி.வி.யின் பட்டியலில் தெரியாது. அந்தப் பட்டியலில் மாற்றத்தக்க பத்திரங்களுக்கு ஒரு கட்டம் உண்டு. ஆனால் அது என்.டி.டி.வி.யே வெளியிட்ட பத்திரங்களுக்கானது. வாரன்ட் எழுதிக்கொடுத்தது ஒரு படி மேலே இருந்த கம்பெனி.

2022 ஆகஸ்ட் 23 அன்று அதானி குழுமத்தின் ஏ.எம்.ஜி. மீடியா நெட்வொர்க்ஸ், விஸ்வபிரதானை ரூ.113.74 கோடிக்கு வாங்கியதாக அறிவித்தது. அன்றே விஸ்வபிரதான் வாரன்ட்களைப் பங்காக மாற்றக் கேட்டது. தங்கள் சம்மதம் இல்லாமல், ஒரு வார்த்தை பேசாமல் நடந்தது என்று என்.டி.டி.வி. தரப்பு சொன்னது. உரிமை கையெழுத்தாகிப் பதிமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நவம்பர் இறுதியில் ஆர்.ஆர்.பி.ஆர். கைமாறியது. 29.18 சதவீதம் போனதால், செபி விதிப்படி மற்ற பங்குதாரர்களிடமும் மேலும் 26 சதவீதம் வாங்க அதானி தரப்பு முன்வர வேண்டியிருந்தது. அதில் கிடைத்தது 8.27. டிசம்பர் 30 அன்று ராய் தம்பதி தங்கள் பங்கில் 27.26 சதவீதத்தை விற்றார்கள். மொத்தம் 64.71.

இது முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. கடன் விவகாரம் 2015இலேயே பத்திரிகைகளில் வந்தது. கடன் ஒப்பந்தங்கள் வழியாக விஸ்வபிரதான் மறைமுகக் கட்டுப்பாட்டைப் பெற்றுவிட்டது என்று 2018 ஜூனில் செபி உத்தரவிட்டது. 2022 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அடுத்த மாதமே சேனலின் பிடி கைமாறத் தொடங்கியது. ஆவணம் ஒன்று, அதற்கு இரண்டு அமைப்புகள் சொன்ன பொருள் இரண்டு. அதனால் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை எழுதும்போது அது உங்கள் முடிவா, ஓர் உத்தரவின் முடிவா என்று சேர்த்தே எழுதுங்கள்.

ஆகவே பங்குதாரர் பட்டியலுக்கு அடுத்து எப்போதும் கடன் பக்கம் போங்கள். AOC-4இல் நீண்டகாலக் கடன் குறிப்பு, மாற்றத்தக்க கடன் பத்திரம் அல்லது வாரன்ட் என்ற சொற்கள், தளத்தின் இலவசப் பக்கத்திலேயே வரும் Charges என்ற அடமானப் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். வங்கி கடன் கொடுத்திருந்தால் பெரும்பாலும் சாதாரணம். பெயர் தெரியாத சின்னக் கம்பெனி கொடுத்திருந்தால் அதையும் ரூ.100 கட்டித் திறந்து பாருங்கள். கம்பெனிக்கு மேல் கம்பெனியாகப் போகும் சங்கிலியில், பின்னால் இருக்கும் ஆளுக்குப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பயன் இருந்தால் BEN-2 என்ற படிவத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அது தாக்கலாகியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாததை மட்டும் வைத்து மறைக்கிறார்கள் என்று எழுதிவிட முடியாது.

படக் கம்பெனி: பலவேளை கம்பெனியே இல்லை

கோடம்பாக்கத்தில் எல்லாவற்றையும் ‘கம்பெனி’ என்றுதான் சொல்வோம். ஆனால் பல படத் தயாரிப்பு நிறுவனங்கள் ஓர் ஆளின் தனிச் சொத்தாகவோ, கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் ஃபர்மாகவோ இருக்கின்றன. mca.gov.in தளத்தில் கிடைக்கவில்லை என்றால் நிறுவனம் போலி என்று பொருளல்ல.

படம் தொடங்கும்முன் சில விநாடி காட்டப்படும் சென்சார் சர்ட்டிபிகேட்டில் விண்ணப்பதாரர், தயாரிப்பாளர் பெயர்கள் இருக்கும். ஓடிடியில் பார்த்தால் அந்த இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம். டைட்டிலில் பெரிதாக வரும் ‘வழங்கும்’ என்ற பெயரை நம்ப வேண்டாம். அது வெளியிடுபவராகவோ, படத்தை மொத்தமாக வாங்கியவராகவோ இருக்கலாம். சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயர்தான் அரசிடம் சொன்ன பெயர்.

அடுத்து ஜி.எஸ்.டி. எண். நிறுவனத்தின் இணையதளத்திலோ, ஏதாவது பில்லிலோ கிடைத்தால் gst.gov.in தளத்தில் இட்டுப் பாருங்கள். வணிகப் பெயர், சட்டப் பெயர், நிறுவன வகை ஆகிய மூன்றும் வரும். தனி உரிமை நிறுவனம் என்றால் சட்டப் பெயர் என்ற இடத்தில் ஆளின் பெயரே இருக்கும். தளம் வேலை செய்யாத நேரத்தில் எண்ணை வைத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்து P என்றால் தனி ஆள், F என்றால் ஃபர்ம், C என்றால் கம்பெனி, T என்றால் டிரஸ்ட். C வந்தால் மறுபடி கம்பெனிப் பதிவேட்டுக்குப் போகலாம்.

தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் யாருக்குச் சொந்தம் என்பது தனிக் கேள்வி. டிரேட்மார்க் பதிவேட்டை ipindia.gov.in வழியாக இலவசமாகத் தேடலாம். பொழுதுபோக்குக்கு 41ஆம் வகுப்பு, அச்சு வெளியீடுகளுக்கு 16, ஒளிபரப்புக்கு 38. நிறுவனத்தை நடத்துபவர் ஒருவர், பெயருக்கு உரிமையாளர் இன்னொருவர் என்று இங்கே தெரியவரும்போது, குடும்பத்துக்குள் நடந்த பிரிவினை பெரும்பாலும் பின்னால் இருக்கும். பழைய படம் என்றால் இன்னொரு சிக்கல்: நெகட்டிவ் உரிமை எப்போதோ விற்றுப்போயிருக்கலாம். தயாரித்தவர் யார் என்பதும் இன்று படம் யாருடையது என்பதும் இரண்டு தேடல்கள்.

கிடைத்ததை எழுதும்போது தேதியும் ஆவணப் பெயரும் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ‘இன்ன சேனல் இன்னாருடையது’ என்பது வக்கீல் நோட்டீஸுக்கு வழி. ‘2022 ஜூன் காலாண்டுப் பங்குப் பட்டியலின்படி இன்ன கம்பெனியில் இன்னாருக்கு இத்தனை சதவீதம்’ என்பதை யாரும் மறுக்க முடியாது. பார்த்த பக்கத்தையெல்லாம் அன்றைக்கே இறக்கிச் சேமித்துவையுங்கள். அமைச்சகத்தின் பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையது அதே இடத்தில் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.